சிவப்பு விளக்கில் அணையும் இன்ஜின்

ஸ்டார்ட்-ஸ்டாப் அமைப்பு, வண்டி நின்றதும் இன்ஜினைத் தானாக அணைக்கிறது. ஓட்டுநர் மறுபடி கிளம்ப முனைந்ததும் தானாகவே கிளப்பிவிடுகிறது. சிக்னலில் சிவப்பு விழுந்திருக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் பயனில்லை. சக்கரம் சுழலவில்லை, ஆனாலும் பெட்ரோல் எரிகிறது. சூடேறிய 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று சும்மா ஓடும்போது மணிக்குச் சுமார் 0.6 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் அளவில் குடிக்கும். ஏசி ஓடினால் இன்னும் கூடும். ஒரு நிறுத்தத்தில் மிச்சமாவது ஓரிரு தேக்கரண்டிதான் என்றாலும், நகரத்துக்குள் அரை மணிப் பயணத்தில் பத்து சிக்னல் குறுக்கிட்டால் அது கணக்கில் எடுக்க வேண்டிய அளவாகிவிடுகிறது.

அடிக்கடி அணைத்துக் கிளப்பினால்தான் பெட்ரோல் அதிகம் செலவாகும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் உண்டு. கார்புரேட்டர் காலத்தில், சோக் இழுத்துக் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியவர்களுக்கு அது உண்மைதான். கணினி அளந்து எரிபொருள் தெளிக்கும் இன்றைய இன்ஜின், சூடாக இருக்கும்போது மறுபடி கிளம்புவதற்குச் சில வினாடிகள் சும்மா ஓடும் அளவுக்கு மட்டுமே எரிபொருளைச் செலவழிக்கிறது. பத்து வினாடிக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் அணைப்பதே லாபம்.

இந்த யோசனை புதிதல்ல. ஜப்பானின் டொயோட்டா 1970-களிலேயே தன் கிரவுன் காரில் இதைச் செய்து பார்த்தது. 1980-களிலும் 90-களிலும் ஃபியட்டும் ஃபோக்ஸ்வாகனும் சில மாடல்களில் பொருத்தின. அவை பரவவில்லை. பிறகு 2007-ல் பி.எம்.டபிள்யூ. தன் சிறிய கார்களில் பரவலாகப் பொருத்தத் தொடங்கியது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களின் சராசரிக் கரியமில வாயு வெளியீட்டைக் கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. அப்போதிருந்த ஐரோப்பியப் பரிசோதனை ஓட்டத்தின் 1,180 வினாடிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நேரம் வண்டி நின்றபடியே இருக்கும். அந்த நேரமெல்லாம் இன்ஜினை அணைத்தால் பரிசோதனைக் கணக்கில் நல்ல மிச்சம் காட்ட முடியும். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் விற்கும் சாதாரணக் கார்களில்கூட இது வந்துவிட்டதற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம்.

முந்தைய முயற்சிகள் பரவாமல் போனதற்குப் பாகங்களும் ஒரு காரணம். இன்ஜினை அணைப்பது எளிது, எரிபொருளை நிறுத்தினால் போதும். ஆனால் ஒரு நாளைக்கு நான்கு தடவை கிளப்புவதற்கென்று வடிவமைத்த பாகங்களை நாற்பது தடவை வேலை வாங்கினால் அவை தாங்காது. ஸ்டார்ட்-ஸ்டாப் காரின் உண்மையான வேலைப்பாடு, தேய்ந்துபோகும் இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பலப்படுத்தியதில் இருக்கிறது.

கையால் கியர் மாற்றும் ஒரு 1.2 லிட்டர் பெட்ரோல் காரையே எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு சிவப்பு விளக்கில் நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம். கார் சிக்னலை நெருங்குகிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்து நிறுத்துகிறார், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருகிறார், கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கிறார். கியர்பெட்டியில் உள்ள ஒரு சென்சார் நியூட்ரல் என்று சொல்கிறது. கிளட்ச் பெடலில் உள்ள சுவிட்ச், கால் முழுதாக விலகிவிட்டது என்று சொல்கிறது. சக்கரத்தின் சென்சார்கள் வேகம் பூஜ்யம் என்று காட்டுகின்றன. ஓட்டுநர் காத்திருக்கத் தயாராகிவிட்டார் என்பதற்கு இவையே சாட்சி.

ஆனால் இன்ஜின் கணினி உடனே அணைத்துவிடாது. அணைத்தால் திரும்பக் கிளப்ப முடியுமா, அணைந்திருக்கும்போது காரில் இருப்பவர்களுக்குக் கேடு வருமா என்ற இரண்டு கேள்விக்கும் விடை தேடும். இன்ஜின் சூடேறியிருக்க வேண்டும். பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்க வேண்டும். பிரேக் பெடலை இலகுவாக்கும் வெற்றிடக் கலத்தில் போதிய வெற்றிடம் இருக்க வேண்டும். பெட்ரோல் கார்களில் இந்த வெற்றிடம் பெரும்பாலும் இன்ஜின் ஓடினால்தான் உண்டாகும், அது தீர்ந்தால் பிரேக் மிதிக்கக் கல்லாகிவிடும். ஓட்டுநரின் கதவு மூடியிருக்க வேண்டும், சீட் பெல்ட் மாட்டியிருக்க வேண்டும். பானெட் திறந்திருந்தால் அமைப்பு வேலையே செய்யாது. எண்ணெய் பார்க்கக் குனிந்திருப்பவரின் கைக்கருகே இன்ஜின் திடீரென்று சுழன்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடு அது. இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கும். பல கார்களில் அப்போது, வட்ட அம்புக்குறிக்குள் A என்ற எழுத்தும் அதன் மேல் ஒரு கோடும் கொண்ட சின்னம் மீட்டரில் தெரியும்.

எல்லாம் சரியென்றால் கணினி எரிபொருள் தெளிப்பை நிறுத்துகிறது. காற்று நுழையும் வால்வையும் பெரும்பாலும் மூடிவிடுகிறது; உள்ளே காற்று குறைந்தால் பிஸ்டன் அழுத்த வேண்டியதும் குறையும், இன்ஜின் குலுங்காமல் அடங்கும். ஒரு வினாடிக்குள் சுழற்சி ஓய்கிறது. ஆனால் ஓயும் கடைசிக் கணத்தில் ஒரு சிக்கல் உண்டு. அழுத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டன் உச்சியைத் தாண்ட வலுவில்லாமல், அடைபட்ட காற்றின் தள்ளலில் பின்வாங்குகிறது. கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் பின்னோக்கிச் சுழன்று, முன்னும் பின்னும் ஆடித்தான் நிற்கிறது. சாதாரண கிராங்க் சென்சார் எதிரே கடக்கும் பற்களை எண்ணும். முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களில் திசையையும் உணரும் சென்சாரை வைக்கிறார்கள். எந்த சிலிண்டரில் பிஸ்டன் எந்த இடத்தில் நின்றது என்பதைக் கணினி நினைவில் வைத்திருக்கும். மறுபடி கிளப்பும்போது எந்த சிலிண்டரில் முதலில் தெளிப்பது, எதில் பொறியிடுவது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்தத் தேடல் இல்லாததால்தான் கிளம்பும் நேரம் சுமார் அரை வினாடிக்குச் சுருங்குகிறது.

இனி காத்திருப்பு. ஓட்டுநருக்கு அமைதியான இந்த ஒரு நிமிடம் பேட்டரிக்கு அப்படியல்ல. முகப்பு விளக்கு, ஏசியின் ஊதுவிசிறி, ரேடியேட்டர் விசிறி, பாட்டுப்பெட்டி, கணினிகள் எல்லாம் ஓடுகின்றன. ஆல்டர்னேட்டரோ இன்ஜினோடு சேர்ந்து நின்றுவிட்டது. இவை எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 60 வினாடியில் பேட்டரியிலிருந்து போவது 1,800 ஆம்பியர்-வினாடி. இன்ஜினைத் திரும்பக் கிளப்ப ஸ்டார்ட்டர் 250 ஆம்பியர் இழுத்தாலும் அது அரை வினாடிதான், ஆக 125. பேட்டரியைக் களைப்பாக்குவது ஸ்டார்ட்டரின் அந்த ஒரு முறுக்கு என்றுதான் எவரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டால் காத்திருப்பில் போனது அதைப் போலப் பதினான்கு மடங்கு.

இரண்டையும் கூட்டினால் அரை ஆம்பியர்-மணியைச் சற்றே தாண்டும். 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது நூற்றில் ஒரு பங்கு. எடுத்ததைத் திரும்ப நிரப்ப, மற்றத் தேவைகள் போக ஆல்டர்னேட்டரால் 30 ஆம்பியர் கொடுக்க முடிந்தால், ஒரு நிமிடத்துக்கு மேல் வண்டி ஓட வேண்டும். அடுத்த சிக்னல் அதற்குள் வந்துவிட்டால் கடன் அடையாமலே இன்னொரு கடன் ஏறும். நகரத்தில் ஓடும் ஸ்டார்ட்-ஸ்டாப் காரின் பேட்டரி முழு சார்ஜைத் தொடுவது அபூர்வம். எண்பது சதவீதத்தை ஒட்டி ஏறியும் இறங்கியும் அது காலம் தள்ளுகிறது.

சாதாரண ஈய-அமில பேட்டரி இந்த வாழ்க்கைக்கு ஏற்றதல்ல. அது காலையில் ஒரு முறை பலமாக இழுக்கப்பட்டு, உடனே முழுதாக நிரம்பி, பிறகு நாள் முழுதும் நிறைந்தபடியே இருக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. மின்சாரம் வெளியேறும்போது பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. எப்போதும் அரைகுறையாகவே நிரப்பினால், கரையாமல் மிஞ்சும் சல்ஃபேட் நாளடைவில் பெரிய படிகங்களாக இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. அமிலத்திலும் ஒரு கோளாறு நேர்கிறது. அடர்த்தியான அமிலம் அடியில் தங்கி, மேலே தண்ணீர்ப்பாங்காகிவிடும். முழு சார்ஜ் ஏறும்போது எழும் குமிழிகள் அதைக் கலக்கிவிடும். முழு சார்ஜே ஏறாத பேட்டரியில் குமிழிகளும் எழுவதில்லை. தகட்டின் அடிப்பாகம் அரிக்க, மேல்பாகம் வேலை செய்யாமல் போக, பேட்டரி சீக்கிரமே வீக் ஆகிவிடும்.

இதற்கு இரண்டு வகைத் தீர்வு உண்டு. விலை குறைந்தது இஎஃப்பி எனப்படும் பலப்படுத்திய அமில பேட்டரி. அடிப்படை பழையதுதான். நேர்த் தகட்டின் மேல் பாலியெஸ்டர் வலைத்துணி போர்த்தி, அதிலுள்ள பசை உதிராமல் பிடித்துவைக்கிறார்கள். எதிர்த் தகட்டில் கரித்தூளைக் கூடுதலாகச் சேர்த்து, சல்ஃபேட் இறுகாமலும் சார்ஜ் வேகமாக ஏறவும் வழிசெய்கிறார்கள். இன்னொன்று ஏஜிஎம். இதில் தகடுகளுக்கு நடுவே மெல்லிய கண்ணாடி இழை விரிப்பு இருக்கும், அமிலம் முழுதும் அந்த விரிப்பில் ஊறியிருக்கும். தளும்பும் திரவம் இல்லாததால் அமிலம் அடியில் தங்குவதில்லை. தகடுகளையும் விரிப்பையும் நெருக்கி அழுத்திப் பெட்டிக்குள் இறுக்கியிருப்பதால் பசை உதிரவும் இடமில்லை. மறுபடி மறுபடி சார்ஜ் இறங்கி ஏறுவதை இது இஎஃப்பியைவிடக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல்.

ஏஜிஎம்மின் பலவீனம் வெப்பம். உள்ளே அமிலம் அளவாகவே இருக்கிறது. மூடிய பெட்டி என்பதால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றவும் முடியாது. சூட்டில் ஒரு தடவை வறண்டால் வறண்டதுதான். ஜெர்மன் சொகுசுக் கார்கள் பலவற்றில் பேட்டரி பின்பக்க டிக்கியில் இருப்பதற்கு எடைப் பகிர்வு ஒரு காரணம், இந்த வெப்பம் இன்னொரு காரணம். வேலூரிலோ மதுரையிலோ மே மாத வெயிலில் நிற்கும் காரின் பானெட்டுக்கு அடியில் வைப்பதானால் இஎஃப்பி பொருத்தமான தேர்வு.

பேட்டரியின் எதிர்முனையில், கேபிள் மாட்டும் கிளாம்ப்போடு சேர்ந்து விரல் நீளத்துக்கு ஒரு சிறு பெட்டி ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்-ஸ்டாப் காரை அடையாளம் காண இதுவே போதும். பேட்டரிக்குள் போகும் மின்னோட்டத்தையும், வெளியே வரும் மின்னோட்டத்தையும், மின்னழுத்தத்தையும், வெப்பநிலையையும் அது இடைவிடாமல் அளக்கிறது. காத்திருக்கும்போது சார்ஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், பச்சை விழாவிட்டாலும் கணினி இன்ஜினைக் கிளப்பிவிடும். இந்தப் பெட்டி தரும் கணக்குதான் அதற்கு ஆதாரம். பிரேக் பிடித்து வேகம் குறையும்போது ஆல்டர்னேட்டரைக் கூடுதலாக ஏற்றி, இலவசமாகக் கிடைக்கும் சுழற்சியை பேட்டரிக்குள் தள்ளும் ஏற்பாடும் பல கார்களில் இதே கணக்கை நம்பித்தான் நடக்கிறது.

பச்சை விழுந்துவிட்டது. ஓட்டுநர் கிளட்ச்சை மிதிக்கிறார். பெடல் அடிவரை போகும் முன்னே சுவிட்ச் தகவல் சொல்லிவிடுகிறது. முதல் கியர் விழுவதற்குள் இன்ஜின் ஓடியாக வேண்டும். மெக்கானிக்குகள் செல்ஃப் மோட்டார் என்று சொல்லும் ஸ்டார்ட்டரின் வேலை இது. அதன் முனையிலுள்ள பினியன் என்ற சிறு பல்சக்கரம் முன்னே பாய்ந்து, ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரின் பற்களில் மாட்டுகிறது. மோட்டார் சுழன்று இன்ஜினைச் சுழற்றுகிறது. இன்ஜின் ஓடியதும் பினியன் பின்வாங்குகிறது.

நாளைக்கு நான்கு தடவை கிளப்பும் கார், ஆண்டுக்கு 300 நாள் வீதம் பத்து ஆண்டில் 12,000 தடவை கிளம்பும். நாளைக்கு முப்பது சிக்னல் நிறுத்தத்தைச் சேர்த்தால் அது ஒரு லட்சத்தைத் தாண்டும். சாதாரண ஸ்டார்ட்டரின் ஆயுள் சில பத்தாயிரம் தடவைக்குள் அடங்கிவிடும். இந்தக் கார்களின் ஸ்டார்ட்டரை லட்சக்கணக்கான தடவைக்கென்று செய்கிறார்கள். கார்பன் பிரஷ் நீளமாகவும் தேயாத கலவையிலும் இருக்கும். அது உரசும் தாமிர வளையத்துக்கும் ஆயுள் கூட்டியிருப்பார்கள். தண்டைத் தாங்கும் வெண்கல புஷ்ஷுக்குப் பதில் பல இடங்களில் ஊசி உருளை பேரிங் வரும். பினியனுக்கும் ரிங் கியருக்கும் பற்கள் கூடுதலாகக் கடினப்படுத்தப்பட்டவை. பினியன் மோதிப் பதியும்போது அதிர்வை வாங்கிக்கொள்ள ஒரு சுருள்வில்லும் சேரும். காலையில் ஒரு தடவை கேட்டால் பொறுத்துக்கொள்ளும் கறகறச் சத்தத்தை ஒவ்வொரு சிக்னலிலும் யாரும் பொறுக்க மாட்டார்கள் என்பதால் சத்தத்தைக் குறைப்பதும் இதில் சேர்ந்துவிட்டது.

இவையெல்லாம் தேய்மானத்துக்கான மருந்து. இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று, ஓட்டுநர் மனம் மாறும்போது எழுகிறது. கார் நிற்கிறது, கணினி எரிபொருளை நிறுத்திவிட்டது, இன்ஜின் அடங்கிக்கொண்டிருக்கிறது. அந்த அரை வினாடிக்குள் பச்சை விழுந்து அவர் கிளட்ச்சை மிதித்துவிடுகிறார். ரிங் கியர் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. ஓடும் பற்களில் நிற்கும் பினியனை நுழைத்தால் பற்கள் உராய்ந்து சிதையும். இன்ஜின் முழுதும் நிற்கும்வரை காத்திருந்தால் கார் ஒரு வினாடிக்கு மேல் செத்துக் கிடக்கும், பின்னால் ஹாரன் கிளம்பிவிடும்.

பழைய ஸ்டார்ட்டரில் பினியனைத் தள்ளுவதும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பதும் ஒரே சோலினாய்டின் ஒரே அசைவில் நடக்கும். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்ய முடியாது. ஜப்பானின் டென்சோ நிறுவனம் செய்த இரட்டைச் சோலினாய்டு ஸ்டார்ட்டரில் இவை இரண்டும் தனித்தனி. இன்ஜின் கொஞ்சம் வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால், முதலில் மோட்டாரைச் சுழற்றி பினியனின் வேகத்தை ரிங் கியரின் வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு தள்ளி மாட்டலாம். இன்ஜின் கிட்டத்தட்ட நின்றுவிட்டதென்றால், முதலில் பினியனைத் தள்ளி மாட்டிவிட்டுப் பிறகு சுழற்றலாம். எது பொருத்தம் என்று கணினி அந்தக் கணத்தின் சுழற்சி வேகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. நல்ல ஸ்டார்ட்-ஸ்டாப்பையும் எரிச்சலூட்டும் ஸ்டார்ட்-ஸ்டாப்பையும் பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் இந்த அரை வினாடியைக் கையாளும் விதம்தான்.

வேறு வழி தேடியவர்களும் உண்டு. ஜப்பானின் மாஸ்டா 2009-ல் அறிமுகப்படுத்திய ஐ-ஸ்டாப் அமைப்பில், அணைக்கும்போதே பிஸ்டன்கள் வசதியான இடத்தில் நிற்கும்படி ஆல்டர்னேட்டரின் சுமையைக் கூட்டிக் குறைத்துப் பிடிக்கிறார்கள். பிறகு, நின்றிருக்கும் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைத் தெளித்துப் பற்றவைத்து, அந்த வெடிப்பின் வலுவோடு ஸ்டார்ட்டரின் சிறு உதவியும் சேர இன்ஜின் கிளம்புகிறது. 0.35 வினாடி போதும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் கார்களில் ஆல்டர்னேட்டரே மோட்டாராகவும் வேலை செய்து, பெல்ட் வழியாக இன்ஜினைச் சுழற்றுகிறது. பல் மாட்டும் வேலையே இல்லாததால் சத்தமின்றிக் கிளம்பும். அங்கே பலப்படுத்த வேண்டியது பெல்ட். இழுவை இரண்டு திசையிலும் மாறி மாறி வருவதால் பெல்ட் அகலமாகவும், அதை இறுக்கிப் பிடிக்கும் உருளை இரு பக்கமும் ஈடுகொடுப்பதாகவும் இருக்க வேண்டும்.

ஹோண்டா ஆக்டிவா, டிவிஎஸ் ஜூபிட்டர் போன்ற ஸ்கூட்டர்களின் ஸ்டார்ட்-ஸ்டாப் மாடல்களிலும் ஜெனரேட்டரே ஸ்டார்ட்டர். அது கிராங்க் ஷாஃப்ட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பெல்ட்டும் இல்லை, பல்லும் இல்லை, கார்பன் பிரஷ்ஷும் இல்லை. சிக்னலில் சில வினாடி நின்றதும் அணைந்து, கைப்பிடியைத் திருகியதும் ஓசையில்லாமல் கிளம்பிவிடுவது இதனால்தான்.

ஸ்டார்ட்டரும் பேட்டரியும் வெளியே தெரிகிற பாகங்கள். இன்ஜினுக்குள்ளே கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளின் பாடு கண்ணுக்குத் தெரியாது. இவை குண்டு பேரிங் அல்ல. அரைவட்டமாக வளைத்த மெல்லிய உலோக ஓடுகள். இன்ஜின் ஓடும்போது ஷாஃப்ட் இந்த ஓட்டைத் தொடுவதே இல்லை. சுழற்சியின் வேகத்தில் எண்ணெய் நடுவே ஆப்புப்போல் நுழைந்து, ஷாஃப்ட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும். சுழற்சி நின்றால் தூக்கலும் நின்றுவிடும். ஷாஃப்ட் மெல்ல இறங்கி ஓட்டின் மேல் உட்காரும். மறுபடி கிளம்பும் முதல் சில சுற்றுகளில் உலோகம் உலோகத்தை உரசும். பேரிங் தேய்வது பெரும்பாலும் இந்தத் தொடக்கத்திலும் முடிவிலும்தான்.

ஒரு ஆறுதல் உண்டு. சிக்னலில் நிற்கும் இன்ஜின் சூடாக இருக்கிறது, எண்ணெய் இளகியிருக்கிறது, ஒரு நிமிடத்தில் வடிந்துபோகாமல் மெல்லிய பூச்சாகப் பேரிங்கில் தங்கியிருக்கிறது. இரவெல்லாம் நின்ற இன்ஜினைக் காலையில் கிளப்புவதோடு ஒப்பிட்டால் இந்த உரசல் குறைவு. ஆனால் ஒரு லட்சம் தடவை என்றால் குறைவும் பெருகிவிடும். வழக்கமான அலுமினியம்-தகரக் கலவை ஓடு இத்தனை உரசலைத் தாங்காது என்பதால், அதன் மேல் பாலிமர் பூச்சு கொடுக்கும் முறை வந்தது. ஃபெடரல்-மோகல் நிறுவனத்தின் ஐராக்ஸ் என்ற பூச்சு இதில் பெயர்பெற்றது. வெப்பம் தாங்கும் பிசின் ஒன்றில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் கலந்து ஓட்டின் மேல் பூசுகிறார்கள். எண்ணெய்ப் படலம் கிழிந்த கணங்களில் உரசலைத் தாங்குவது இந்தப் பூச்சுதான். வாகனத் தயாரிப்பாளர் சொன்ன தரத்தில்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதற்கு ஸ்டார்ட்-ஸ்டாப் காரில் கூடுதல் காரணம் இருக்கிறது.

ஆட்டோமேட்டிக் கியர் கார்களில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும்வரை இன்ஜின் அணைந்திருக்கும், காலை எடுத்தால் கிளம்பும். இந்தக் கியர்பெட்டிக்குள் கிளட்ச்சுகளை இறுக்கிப் பிடிப்பது எண்ணெய் அழுத்தம். அழுத்தத்தைத் தரும் பம்ப்பைச் சுழற்றுவது இன்ஜின். இன்ஜின் நின்றால் அழுத்தம் விழும். கிளம்பியதும் அழுத்தம் ஏறும்வரை வண்டி நகராது, ஏறியதும் ஒரு வெட்டு வெட்டி நகரும். அதைத் தவிர்க்க மின்சாரத்தில் ஓடும் தனி எண்ணெய் பம்ப் வைக்கிறார்கள். ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் தன் எட்டு கியர் பெட்டியில் வேறு உத்தி செய்தது: ஓடும்போதே கொஞ்சம் எண்ணெயை வில்லின் அழுத்தத்தில் ஒரு சிறு கலத்தில் தேக்கிவைத்து, கிளம்பும் கணத்தில் அதை விடுவிக்கிறது.

வெப்ப நாடுகளில் இந்த அமைப்பின் பெரிய எதிரி ஏசி. அதன் கம்ப்ரசர் இன்ஜினின் பெல்ட்டில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. இன்ஜின் அணைந்தால் விசிறி மட்டும் ஊதும். உள்ளே குளிர்ச்சி சிறிது நேரத்தில் தீரும். அது ஒரு எல்லையைத் தாண்டியதும், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கணினி இன்ஜினைக் கிளப்பிவிடும். நண்பகலில் அனலில் நின்ற காரை எடுத்த முதல் கால் மணி நேரத்தில் இன்ஜின் பெரும்பாலும் அணையவே அணையாது. அமைப்பு கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம், கேபின் இன்னும் குளிரவில்லை என்றே பொருள். சுசுகி 2012-ல் ஜப்பானில் விற்ற வேகன்-ஆரில் ஏசியின் குளிர்கலத்துக்குள் குளிரைத் தேக்கிவைக்கும் பொருளைச் சேர்த்தது. ஏசி ஓடும்போது உறைந்து, நிற்கும்போது உருகி அது குளிர் தருவதால், இன்ஜின் கூடுதல் நேரம் அணைந்திருக்க முடியும்.

ஆகவே மிச்சம் எவ்வளவு என்பது ஓடும் இடத்தைப் பொறுத்தது. இருபது கிலோமீட்டர் நகரப் பயணத்தில் பத்து சிக்னலில் சராசரி 45 வினாடி நின்றால் மொத்தம் ஏழரை நிமிடம். நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் வீதம் 75 மில்லிலிட்டர். அந்தப் பயணத்துக்கு ஒன்றரை லிட்டர் ஆகும் என்றால் மிச்சம் ஐந்து சதவீதம். நெடுஞ்சாலையில் ஒன்றுமில்லை. ஐந்தடி நகர்ந்து ஐந்து வினாடி நிற்கும் நெரிசலில் லாபம் இல்லாததோடு பாகங்களுக்குத் தேய்மானமும் சேரும். பல கார்களில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால்தான் அடுத்த முறை அணையும் என்று வைத்திருப்பது அதற்காகத்தான். மழைநீர் தேங்கிய சாலையில் இறங்கும் முன் ஓட்டுநரே பொத்தானை அழுத்தி அமைப்பை நிறுத்திவிட வேண்டும். புகைக்குழாய் நீருக்குள் இருக்கும்போது இன்ஜின் அணைந்தால், நீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் புகையின் அழுத்தம் இல்லாமல் போய், தண்ணீர் உள்ளே ஏற வழி கிடைத்துவிடும்.

கோளாறு வந்தால் பெரும்பாலும் அது சத்தமில்லாமல்தான் வரும். வாங்கி மூன்று ஆண்டான ஒரு கார், காலையில் ஒரே முறுக்கில் கிளம்புகிறது. ஆனால் சிக்னலில் இன்ஜின் அணைவது குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றேவிடுகிறது. சொந்தக்காரர் அமைப்பு பழுதென்று நினைக்கிறார். முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியை. இன்ஜினை ஒரு தடவை சுழற்றும் வலு அதில் இன்னும் இருக்கிறது; அணைத்துவிட்டு ஒரு நிமிடம் எல்லாவற்றையும் தாங்கும் கையிருப்பு இல்லை. சென்சார் இதை மாதக்கணக்கில் முன்பே கண்டுபிடித்துவிடுகிறது. ஓட்டுநர் கவனித்தால், ஒரு நாள் காலையில் கார் கிளம்பாமல் போவதற்கு முன்னே கிடைக்கும் எச்சரிக்கை இது. தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் பேட்டரி கெடாமலேயே இப்படி நேரலாம். ஒரு நீண்ட பயணமோ, இரவு முழுதும் வெளி சார்ஜரோ அதைத் தெளிவாக்கும். பேட்டரி சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியவை பானெட் சுவிட்ச்சும் கிளட்ச் சுவிட்ச்சும். மலிவான அந்தச் சுவிட்ச்சுகள் தூசியில் சிக்கினாலும் இன்ஜின் அணையாது.

பேட்டரியை மாற்றும்போதுதான் பலர் தவறுகிறார்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் சாதாரண பேட்டரி அளவில் பொருந்தும், காரும் கிளம்பும். சில மாதங்களில் அது படுத்துவிடும். இஎஃப்பி இருந்த இடத்தில் இஎஃப்பியாவது, ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம் மட்டுமே வைக்க வேண்டும். சில கார்களில் புதிய பேட்டரி வந்ததை ஸ்கேனர் வழியாகக் கணினிக்குச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அது பழைய, களைத்த பேட்டரி என்றே எண்ணி சார்ஜ் ஏற்றும். வெளி சார்ஜர் போடுபவர்கள் எதிர் கிளிப்பை பேட்டரி முனையில் நேராக மாட்டாமல், பாடியில் அதற்கென்று விட்டிருக்கும் உலோக இடத்தில் மாட்ட வேண்டும். முனையில் மாட்டினால் மின்சாரம் சென்சாரைத் தொடாமல் உள்ளே போய்விடும். பேட்டரி நிறைந்திருந்தும் கணினியின் கணக்கில் அது குறைவாகவே இருக்கும், இன்ஜினும் சிக்னலில் அணையாமலே நிற்கும்.